கூரைமேல் லெட்யூஸ்: ஏர்கான் அறையா, பிரைமிங்கா, உருண்டை விதையா?

சிங்கப்பூரில் லெட்யூஸ் விதை முளைக்கவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் பட்ட முதல் நாள் அந்தத் தட்டு எவ்வளவு சூட்டில் இருந்தது? வீவக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் தோட்டம் போட்டிருக்கும் ஒரு அண்ணன் அண்மையில் என்னிடம், "விதை செத்த விதை தம்பி, பாதிகூட வரலை, ஏமாத்திட்டாங்க" என்று புலம்பினார். விதை சாகவில்லை. மதியம் விதைத்து, தண்ணீர் தெளித்து, கறுப்புத் தட்டை வெயில் படும் இடத்தில் வைத்திருந்தார். காற்றின் வெப்பம் 32 டிகிரி என்றால் அந்தத் தட்டுக்குள் இருக்கும் தென்னைநார்க் கழிவு அதைவிட நன்றாகவே சூடேறியிருக்கும்.

விதைத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் விதை நேர்த்தி, விதைக்கு அளந்து நீர் கொடுக்கும் பிரைமிங் என்று பல முறைகளைப் பாடத்தில் வரிசையாகப் படித்திருப்பீர்கள். எந்த முறை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. பயிர் ஒன்று, இடம் ஒன்று, தடை ஒன்று என்று முடிவுசெய்துகொண்டால்தான் ஒப்பிடவே முடியும். அதனால் லெட்யூஸ், சிங்கப்பூர், சூடு என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லெட்யூஸ் 20 டிகிரியில் ஒரு நாளுக்குள்ளேயே வேர்முனையை நீட்டத் தொடங்கிவிடும். பல ரகங்கள் 28 முதல் 32 டிகிரிக்கு மேல் போனால் நீரை உறிஞ்சிக்கொண்டு, உப்பி, அப்படியே நின்றுவிடும். இதைத்தான் வெப்பத் தடை என்கிறோம். லெட்யூஸ் கருவைச் சுற்றி இரண்டு மூன்று செல் அடுக்கே தடிமனுள்ள ஒரு சூழ்தசை உறை இருக்கிறது. வேர்முனை வெளியே வர வேண்டுமென்றால் அந்த உறை முதலில் நலிய வேண்டும். சூட்டில் விதைக்குள் முளைப்பைத் தடுக்கும் ஆப்சிசிக் அமிலம் கூடுகிறது, உறை நலிவது நிற்கிறது, கருவின் உந்தலும் குறைகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கென்ட் பிராட்ஃபோர்டின் குழு, காட்டு லெட்யூஸ் வகை ஒன்றில் சூட்டிலும் முளைக்கும் தன்மையை ஆராய்ந்தது. அந்தத் தன்மைக்குக் காரணமாக அவர்கள் சுட்டியது இந்த அமிலத்தைத் தயாரிக்கும் வழியில் உள்ள ஒரு மரபணுவைத்தான்.

செத்த விதையையும் தடைபட்ட விதையையும் பிரித்தறிவது எளிது. முளைக்காத விதையில் ஐம்பதை எடுத்து ஈரத்தாளில் வைத்து 20 டிகிரியில், வெளிச்சத்தில் விடுங்கள். ஓரிரு நாளில் முளைத்தால் அது வெறும் வெப்பத் தடை. முளைக்காமல், அழுத்தினால் கூழாகிப்போனால் செத்த விதை. உறுதியாக இருந்தும் முளைக்காமல் கிடந்தால், சூட்டில் ஈரத்தோடு அதிக நாள் கிடந்து இரண்டாம் நிலை உறக்கத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அதை எழுப்ப வெறும் குளிர்ச்சி போதாமல் ஜிப்ரெலிக் அமிலம், எத்திலீன் மாதிரி ஏதாவது தேவைப்படலாம். அந்த அண்ணனின் விதை முதல் வகை. ஏமாற்றியது சூடு.

சரி, தடை தெரிந்துவிட்டது. இதைத் தாண்ட நான்கு வழிகள் நடைமுறையில் உண்டு.

முதல் வழியில் விதையைத் தொடவே வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். விதைத்த தட்டுகளை ஏர்கான் அறைக்குள் 20 முதல் 22 டிகிரியில் 36 முதல் 48 மணி நேரம் வைத்துவிட்டு, வேர்முனை எட்டிப்பார்த்ததும் மேல்தளத்துக்கு ஏற்றிவிடலாம். வெப்பத்துக்கு விதை அஞ்சும் காலம் நீர் உறிஞ்சத் தொடங்கியதிலிருந்து வேர்முனை வெளியே வரும்வரைதான். அதைத் தாண்டிய நாற்று 32 டிகிரியில் மகிழ்ச்சியாக வளரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிற்காமல் வளரும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். ஏர்கான் காற்று தட்டின் மேற்பரப்பை வேகமாகக் காயவைக்கும். பாதி நீர் உறிஞ்சிய விதை மறுபடி காய்ந்தால் முளைப்பு சீர்கெடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி போட்டால் தீர்ந்தது. இன்னொன்று மறதி. வெள்ளிக்கிழமை உள்ளே வைத்த தட்டைத் திங்கட்கிழமை எடுத்தால் தண்டு நீண்டு வெளுத்துத் தலை சாய்ந்திருக்கும், அதை மீட்க முடியாது. விளக்கையும் அணைக்காதீர்கள். பழைய ரகங்கள் பலவற்றுக்கு முளைக்கவே சிவப்பொளி வேண்டும். 1952-இல் அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் சிவப்பொளி முளைப்பைத் தூண்டுவதையும், தொலைசிவப்பு அதைத் திருப்பிப்போடுவதையும் காட்டியது 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்யூஸ் விதையில்தான். அப்புறம், ஏர்கானின் ரிமோட் காட்டும் எண்ணை நம்பாமல், வெப்பமானியின் முனையைத் தட்டுக்குள் செருகிப் படியுங்கள்.

ஏர்கான் இல்லாதவர்களுக்கு இதன் ஏழை வடிவம் ஒன்று உண்டு: மாலையில் விதைத்து இரவில் ஊறவிடுவது. குளிர்நாடுகளின் கோடையில் இது நன்றாகவே உதவும். இங்கே இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால் ஓரளவுக்குத்தான். ஆனாலும் மதியம் விதைப்பதைவிட நிச்சயம் மேல்.

இரண்டாவது வழி நீரில் ஊறவைத்து நிழலில் காயவைப்பது. தேக்காவில் வாங்கிய பாகல் விதையை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்துவைத்து நடும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். பாகலுக்கும் வெண்டைக்கும் அது சரி. கெட்டித் தோலுக்குள் நீர் போவதுதான் அவற்றின் சிக்கல், இந்த ஊர்ச் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். லெட்யூஸில் இதே வேலையைச் செய்தால் இரு பக்கமும் அடி. குழாயில் வரும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் எந்தத் தடையைத் தாண்ட நினைத்தோமோ அதையே வரவழைக்கிறோம். குளிர்ந்த நீரில் ஊறவைத்தால், நீர் உள்ளே போவதைத் தடுக்க எதுவும் இல்லாததால் சில விதைகள் ஒரு நாளுக்குள்ளேயே வேர்முனை நீட்டும் கட்டத்துக்குப் போய்விடும், மற்றவை பின்தங்கும். வேர்முனை வந்த விதையைக் காயவைத்தால் செத்துவிடும். லெட்யூஸுக்கு வெறும் நீர் வேண்டாம் என்பது என் முடிவு. மேலே பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது வழிதான் மாணவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டியது: ஊடுகரைசல் பிரைமிங். விதைக்கு நீர் கொடுக்கிறோம், ஆனால் முளைக்கும் அளவுக்குக் கொடுப்பதில்லை. விதை நீர் உறிஞ்சுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வேகமாக உறிஞ்சும். பிறகு எடை ஏறாமல் நிற்கும், உள்ளே பழுதுபார்ப்பும் நொதி வேலையும் நடக்கும். கடைசியில் வேர்முனை வந்து மறுபடி எடை ஏறும். கரைசலின் நீரியல் திறனை, அதாவது விதைக்கு நீர் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதை, சரியாக வைத்தால் விதை இரண்டாம் கட்டத்திலேயே நிற்கும். அங்கே நின்று உறை நலியும் வேலையைக் குளிரிலேயே முடித்துக்கொள்ளும். அதனால்தான் பின்னால் சூட்டில் விதைத்தாலும் முளைக்கிறது. முளைப்பின் மேல் வெப்ப எல்லை சில டிகிரி உயர்கிறது. 1973-இல் நாட்டிங்ஹாமில் ஹைடெக்கரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இது. அவர்கள் பயன்படுத்தியது பாலி எத்திலீன் கிளைக்கால். பெக் 6000 என்று சுருக்கிச் சொல்வோம். அதன் மூலக்கூறு பெரிது, விதைக்குள் புகாது, நச்சும் இல்லை.

எவ்வளவு கரைப்பது என்பதற்கு அதே 1973-இல் மிக்கெல், காஃப்மன் இருவரும் தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. இதில் Ψ என்பது அந்த நீரியல் திறன், C என்பது ஒரு கிலோ நீரில் கரைத்த பெக் எத்தனை கிராம் என்பது, T வெப்பநிலை, விடை பார் அலகில் வரும்.

```
Ψ = -(1.18×10⁻²)C - (1.18×10⁻⁴)C² + (2.67×10⁻⁴)CT + (8.39×10⁻⁷)C²T
```

லெட்யூஸுக்குப் பொதுவாக எடுக்கும் அளவு −1.25 மெகாபாஸ்கல், 15 டிகிரி. C-க்கு 310 போட்டு, T-க்கு 15 போட்டால் ஏறக்குறைய −12.5 பார், அதாவது நமக்கு வேண்டிய −1.25 வருகிறது. அதே கரைசலை 25 டிகிரி அறையில் மேசைமேல் விட்டால் −1.09 ஆகிவிடும். கரைசலைக் கலக்கியவர் ஒரு கிராம்கூட மாற்றவில்லை, ஆனால் விதைக்குக் கிடைக்கும் நீர் கூடிவிட்டது, சூடும் கூடிவிட்டது. "செய்முறையை அப்படியே செய்தேன், விதை முளைத்துவிட்டது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

10 கிராம் விதை என்று வைத்துக்கொள்வோம், சுமார் 9,000 விதை வரும். 150 கிராம் நீரில் 46.5 கிராம் பெக் கரைத்துக்கொள்ளுங்கள். கரைய நேரமாகும், முதல் நாளே கரைத்து 15 டிகிரியில் வைத்துவிடுவது நல்லது. விதையைப் போட்டு, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிறு காற்றுப் பம்பால் காற்று விட வேண்டும். பெக் கரைசல் கொழகொழப்பானது, அதில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். காற்று விடாமல் மூடிவைத்தால் விதை மூச்சுமுட்டி முளைப்புத் திறன் இறங்கும். பம்பு இல்லாதவர்கள் வடிதாளை நனைத்து அதன்மேல் பரப்புவார்கள். அதில் ஒரு நுணுக்கம்: வடிதாளின் இழை நீரை எடுத்துக்கொண்டு பெக்கை வெளியே விட்டுவிடும், மீதிக் கரைசல் நாம் கணக்கிட்டதைவிடக் கெட்டியாகிவிடும். தாள் ஒன்று போதும், கரைசல் தாராளமாக இருக்கட்டும்.

வெளிச்சத்தில் 24 முதல் 48 மணி நேரம். ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் 24, 36, 48 மணிகளில் சிறிது சிறிதாக எடுத்துச் சோதியுங்கள். ஒரு விதையில் வெள்ளை முனை தெரிந்தால்கூட அதோடு நிறுத்திவிட வேண்டும், அந்த நேரம் அந்த ரகத்துக்கு அதிகம். பிறகு கொழகொழப்புப் போகும்வரை நன்றாகக் கழுவ வேண்டும்.

அடுத்து வருவதுதான் சிங்கப்பூரில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம்: காயவைப்பது. பாடநூலில் 'நிழலில் உலர்த்தவும்' என்றிருக்கும். இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். நிழலில் எத்தனை நாள் பரப்பினாலும் விதை காற்றோடு சமநிலைக்கு வந்து, கூடுதல் ஈரத்திலேயே நின்றுவிடும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். தராசுதான் உண்மை சொல்லும். போடும்போது 10.0 கிராம் இருந்த விதை மறுபடி 10.0 கிராமுக்கு வரும்வரை காய வேண்டும். ஏர்கான் அறையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி மின்விசிறி போடுங்கள், கடைசிக் கட்டத்துக்குச் சிலிக்கா ஜெல் வைத்த மூடிய டப்பாவுக்கு மாற்றுங்கள். வெயிலில் காயவைக்க நினைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கடன் பாக்கி இருக்கும். பிரைமிங் செய்த விதையின் சேமிப்பு ஆயுள் குறையும். முளைப்பின் பாதி வழியை ஏற்கெனவே நடந்துவிட்ட விதை அது. இந்த ஊர் வெப்பத்தில், திறந்து திறந்து மூடும் டப்பாவில், சாதாரண விதை தாங்கும் காலம் இது தாங்காது. காற்றுப்புகாத பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வாரக்கணக்கில் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

பெக்குக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட் போன்ற உப்புகளையும் பயன்படுத்துவார்கள். ஃப்ளோரிடாவில் கான்ட்லிஃப் குழு லெட்யூஸின் வெப்பத் தடையைத் தாண்டப் பொட்டாசியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்தியது. உப்புக் கரைசலில் காற்று எளிதாகப் போகும், கழுவுவதும் சுலபம், விலையும் குறைவு. ஆனால் அயனி விதைக்குள் புகும், நேரம் தவறினால் நச்சாகும். கற்றுக்கொள்ள முதலில் பெக், கை பழகியபின் உப்பு என்பேன்.

நான்காவது வழி, பிரைமிங் செய்து களிமண் முலாம் பூசிய உருண்டை விதையைக் கடையிலேயே வாங்குவது. ஒரு கிராமில் 900 இருக்கும் தட்டையான விதையை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது கண்ணுக்கும் கைக்கும் சோதனை. உருண்டை விதையில் அந்தத் தொல்லை இல்லை, கலைத்தெடுக்கும் வேலையும் மிச்சம். விலை அதிகம். இதில் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். உருண்டை பிளக்கும் அளவுக்கு ஆரம்பத்தில் நன்றாக நனைய வேண்டும், அதன்பின் தேங்கக் கூடாது. சொதசொதவென்று வைத்தால் களிமண் விதையைச் சுற்றி மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கும். அரைகுறையாக நனைத்தால் உருண்டை பிளக்காமல் காய்ந்து இறுகிவிடும். உருண்டை எல்லாமே பிரைமிங் செய்ததல்ல என்பதையும் கவனியுங்கள். சில வெறும் முலாம் மட்டும். பொட்டலத்தில் பிரைமிங் குறிப்பும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த நான்கையும் எப்படி அளந்து ஒப்பிடுவது? இறுதி முளைப்புச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் பிரைமிங்கின் பலன் தெரியாது. கணக்குக்காக எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். 28 டிகிரியில் சாதாரண விதை 100-இல் இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 35, நான்காம் நாள் 30, ஐந்தாம் நாள் 11, மொத்தம் 86 முளைத்தது. பிரைமிங் செய்தது முதல் நாள் 22, இரண்டாம் நாள் 56, மூன்றாம் நாள் 10, மொத்தம் 88. சதவீதத்தில் வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு நாள் எண்ணிக்கையையும் அந்த நாளால் பெருக்கிக் கூட்டி, மொத்த முளைப்பால் வகுத்தால் சராசரி முளைப்புக் காலம் கிடைக்கும். முதலாவதற்கு 300 ÷ 86 = 3.5 நாள். இரண்டாவதற்கு 164 ÷ 88 = 1.9 நாள். முதலாவது நான்கு நாள் பரவி முளைக்கிறது, இரண்டாவது மூன்றே நாளில், அதிலும் பெரும்பகுதி இரண்டாம் நாளிலேயே முடித்துவிடுகிறது.

அந்த ஒன்றரை நாள் முந்தல் அறுவடைவரை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் எடை வித்தியாசம் சுருங்கிவிடும். சீராக வருவது மட்டும் நிலைக்கும். தட்டில் முந்தி வந்த நாற்று பிந்தி வந்ததன்மேல் நிழல் போடாது, எல்லாவற்றையும் ஒரே நாளில் நீர்வளர்ப்புக் குழாய்க்கு மாற்றலாம். சர்வதேச விதைச் சோதனைக் கழகத்தின் முறைப்படி லெட்யூஸைச் சோதிப்பது 20 டிகிரியில், நான்காம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுவார்கள். பொட்டலத்தில் உள்ள 'முளைப்பு 90' அந்த 20 டிகிரிக்கான வாக்குறுதி. உங்கள் மேல்தளத்துக்கு அது பொருந்தாது, 30 டிகிரியிலும் ஒரு சோதனை வையுங்கள்.

இதுவரை பேசியது சூட்டுக்கான மருந்து. விதை நேர்த்தி என்று பொதுவாகச் சொல்லும் பூஞ்சாணக்கொல்லி, டிரைக்கோடெர்மா, வெந்நீர் எல்லாம் வேறொரு கேள்விக்கு விடை: விதையோடு அல்லது மண்ணோடு நோய் வருகிறதா? திரம் என்ற பூஞ்சாணக்கொல்லி தடவிய விதையும் 34 டிகிரியில் முளைக்காமல்தான் கிடக்கும். பிரைமிங் செய்த விதையும் பித்தியம் உள்ள தண்ணீரில் வேரழுகத்தான் செய்யும். வேகமாக முளைப்பதால் அழுகலுக்குச் சிக்கும் நாட்கள் குறையும், அவ்வளவே. தமிழ்நாட்டில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்று பழகியிருப்போம், மண்ணில் அதற்கு அர்த்தம் உண்டு. தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் நீர்வளர்ப்பில், விதைமேல் பூசியது வேர் நீளும் அளவுக்குக் கூடவே வராது. அங்கே தொட்டியையும் குழாயையும் சுத்தமாக வைப்பதே முதல் வேலை.

விதையோடு வரும் பாக்டீரியா இலைப்புள்ளி சந்தேகம் இருந்தால் மட்டும் வெந்நீர்: லெட்யூஸுக்கு 48 டிகிரி, 30 நிமிடம். இரண்டு டிகிரி கூடினால் முளைப்புப் போகும், குறைந்தால் கிருமி போகாது. பழைய விதைக்கும், உருண்டை விதைக்கும், ஏற்கெனவே பிரைமிங் செய்ததற்கும் இது ஆகாது. லெட்யூஸ் தேமல் வைரஸை எந்த நேர்த்தியும் போக்காது, சோதித்த விதைதான் வழி. கலிஃபோர்னியாவில் 30,000 விதையில் ஒன்றுகூடத் தொற்று இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சாணக்கொல்லி தடவிய விதையை எக்காரணம் கொண்டும் சிறுமுளைக்கீரைக்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் விதைத்தோலும் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும்.

சரி, அந்த அண்ணனுக்கு என்ன சொன்னேன்? அவர் வாரம் 2,000 விதை போடுகிறார். 200 குழித் தட்டில் பத்துத் தட்டு, ஒரு இரும்பு அலமாரியில் அடங்கிவிடும். கீழே பொருள் வைக்கும் அறையில் ஏற்கெனவே ஏர்கான் ஓடுகிறது. எனவே சாதாரண விதையே போதும், விதைத்ததும் அங்கே மூடிபோட்டு வைத்து, 36-ஆவது மணியிலிருந்து எட்டிப்பார்க்கச் சொன்னேன். அவரைப் போல அறை உள்ளவர் பிரைமிங்குக்குக் காசு கொடுப்பது வீண். அறை இல்லை, வேலைக்கு ஆளும் இல்லை என்றால் பிரைமிங் செய்த உருண்டை விதை, ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் குளிரில் வைப்பது. வீட்டிலேயே பெக் போடுவதற்கு நான் சம்மதிப்பது, பிடித்த ரகம் உருண்டையாகக் கிடைக்காதபோதும், 15 டிகிரியும் தராசும் சிலிக்கா ஜெல்லும் கையில் இருக்கும்போதும் மட்டுமே. அப்படிச் செய்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் பிரைமிங் செய்யாத விதையில் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், 30 டிகிரியில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் அந்த ரகத்துக்கு இந்த வேலையே தேவையில்லை.